முடிவைத் தவறவிட்டால் பிழையும் தப்பிவிடும்

சேர், நான் ஹற்றனில் உயர்தரத்துக்கு அளவையியல் படித்தவள். கனடாவில் சட்டம் படிக்க விண்ணப்பிப்பதற்காக இப்போது எல்சாட் பரீட்சைக்குத் தயாராகிறேன். நாலைந்து வரியில் ஒரு வாதம் தந்து, முதன்மை முடிவு எது, நியாயத்தில் பிழை எங்கே என்று கேட்கிறார்கள். 'ஆகவே' உள்ள வரியைத்தான் முடிவு என்று எடுக்கிறேன், அடிக்கடி தவறிப்போகிறது. பிழையைக் கேட்டால் எல்லாத் தெரிவும் சரி போலவே தெரிகிறது. எப்படிப் பார்க்க வேண்டும்?

இரண்டு சிக்கலாகச் சொல்லியிருக்கிறீர்கள். என் கணக்கில் அது ஒன்றுதான். எடுகூற்றுகளிலிருந்து முடிவுக்குத் தாவும் இடத்தில்தான் பிழை இருக்கிறது. எங்கே போய்ச் சேர்கிறது என்று தெரியாமல் தாவலை அளக்க முடியாது. வேறொரு வரியை முடிவு என்று பிடித்துக்கொண்டால், அந்த வரிக்கு வந்த பாதை நேராகக்கூட இருக்கலாம். அப்போது பிழையே இல்லாத இடத்தில் பிழை தேடுவீர்கள். ஐந்து தெரிவும் ஒரே மாதிரித் தெரியும். உங்களுக்கு நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

பொதுவாகச் சொல்லிக்கொண்டு போவதைவிட ஒரு வாதத்தை எடுத்துப் பிரித்துப் பார்ப்போம். நமக்குத் தெரிந்த இடத்திலிருந்தே ஒன்று எழுதித் தருகிறேன்.

"கடந்த மூன்று மாதங்களில் எங்கள் டிவிசனில் கொழுந்து குறைந்ததற்குத் தொழிலாளரின் அக்கறைக் குறைவும் ஒரு காரணம் என்று துரை சொல்கிறார். அவர் சொல்வது பிழை. மழை குறைந்தால் கொழுந்து குறையும். இந்த மூன்று மாதமும் மழை வழக்கத்தைவிட மிகக் குறைவு. ஆகவே மழைக் குறைவு விளைச்சலைக் குறைத்திருக்கிறது. அதோடு, தொழிலாளர் வேலைக்கு வந்த நாட்களும் குறையவில்லை."

உங்கள் பழக்கப்படி பார்த்தால் 'ஆகவே' என்று தொடங்கும் வரிதான் முடிவு. அது ஒரு முடிவுதான், மறுக்கவில்லை. மழை குறைந்தால் கொழுந்து குறையும் என்ற பொது விதியும், மழை குறைந்தது என்ற தகவலும் சேர்ந்து அந்த வரியைத் தருகின்றன. ஆனால் எழுதியவர் அதோடு நிற்கவில்லை. மழையைப் பற்றி நமக்குப் பாடம் சொல்ல அவர் பேனையை எடுக்கவில்லை. துரைக்குப் பதில் சொல்லத்தான் எடுத்தார். மழை பற்றிய வரி அந்தப் பதிலுக்கு ஒரு படி. இதைத் துணை முடிவு என்போம். 'ஆகவே', 'எனவே', 'ஆதலால்' எல்லாம் நமக்குச் சொல்வது ஒன்றே ஒன்று: இதற்கு முன்னால் வந்தது இதற்கு ஆதாரம். இதுவே கடைசிப் படி என்று அவை ஒருபோதும் சொல்வதில்லை. வினாத்தாள் எழுதுபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் அந்தச் சொல்லைத் துணை முடிவின் தலையில் வைத்துவிட்டு, உண்மையான முடிவைச் சத்தமில்லாமல் நடுவில் விடுகிறார்கள்.

இங்கே முதன்மை முடிவு இரண்டாவது வரி: "அவர் சொல்வது பிழை." மூன்றே சொல். பார்த்தால் ஒரு வரியிலிருந்து மற்ற வரிக்குப் போக வைத்த பாலம் போல இருக்கிறது. கண் அதைத் தாண்டிப் போய்விடும்.

இது சரிதானா என்று எப்படி உறுதிசெய்வது? இரண்டு வரிகள் போட்டியில் இருந்தால், நடுவில் 'ஏனென்றால்' வைத்து இரண்டு விதமாகவும் வாசியுங்கள். "துரை சொல்வது பிழை, ஏனென்றால் மழைக் குறைவு விளைச்சலைக் குறைத்திருக்கிறது." இது எழுதியவர் பேசுகிற மாதிரியே இருக்கிறது. இப்போது திருப்புங்கள்: "மழைக் குறைவு விளைச்சலைக் குறைத்திருக்கிறது, ஏனென்றால் துரை சொல்வது பிழை." அப்படி யாரும் பேசமாட்டார்கள். துரை தவறாகச் சொன்னதால் மழை விளைச்சலைக் குறைக்கவில்லை. ஆகவே துரை பற்றிய வரி மேலே, மழை பற்றிய வரி கீழே. கடைசி வரியையும் இதே மாதிரி வைத்துப் பாருங்கள், "துரை சொல்வது பிழை, ஏனென்றால் தொழிலாளர் வேலைக்கு வந்த நாட்கள் குறையவில்லை." அதுவும் துரைக்குப் பதிலாகத்தான் போய் நிற்கிறது. எல்லா வரியும் எந்த வரியைத் தாங்குகிறதோ, தான் வேறு எதையும் தாங்காமல் எந்த வரி நிற்கிறதோ, அதுதான் நீங்கள் தேடுவது.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சோதனையைச் செய்யும்போது ஆதாரம் நல்லதா கெட்டதா என்று பார்க்காதீர்கள். எழுதியவர் எதை எதற்கு ஆதாரமாக வைக்க நினைத்தார் என்பது மட்டும்தான் இப்போதைக்குக் கேள்வி. அளவையியல் படித்தவர்களுக்கு இது கொஞ்சம் கஷ்டம், கை துறுதுறுக்கும். "இது வாய்ப்பான வாதமே இல்லையே, அப்போ இது எப்படி முடிவாகும்?" என்று மாணவர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கெட்ட வாதத்துக்கும் முடிவு உண்டு. அது கெட்டது என்று சொல்ல வேண்டுமென்றாலே முதலில் அந்த முடிவைக் கையில் பிடித்திருக்க வேண்டும்.

பிடித்த பிறகு அதை விரித்து எழுதுங்கள். "அவர் சொல்வது பிழை" என்று வைத்துக்கொண்டிருந்தால் வேலைக்கு ஆகாது. அவர் என்ன சொன்னார்? அக்கறைக் குறைவும் ஒரு காரணம் என்றார். அது பிழை என்றால், "கொழுந்து குறைந்ததில் தொழிலாளரின் அக்கறைக் குறைவுக்குப் பங்கே இல்லை" என்று அர்த்தம். இதுதான் முழு முடிவு. சுருக்கமாக இருந்தபோது சாதுவாகத் தெரிந்த வரி, விரித்ததும் எவ்வளவு பெரிய கூற்று என்று தெரிகிறதல்லவா? பங்கே இல்லை என்று சொல்ல நிறைய ஆதாரம் வேண்டும்.

முதன்மை முடிவைக் கேட்கும் வினாவில் சரியான தெரிவு இந்த விரித்த வடிவத்தில்தான் பெரும்பாலும் இருக்கும். வாதத்தில் உள்ள சொற்கள் அதில் இருக்கவேண்டும் என்றில்லை. சொல்லுக்குச் சொல் அப்படியே வரும் தெரிவு அனேகமாகத் துணை முடிவாக இருக்கும், உங்களைப் போன்றவர்களுக்கென்றே வைத்தது. இன்னொரு வகைத் தெரிவும் வரும்: "கொழுந்து குறைந்ததற்கு ஒரே காரணம் மழைதான்" அல்லது "துரை தொழிலாளரைக் குறைசொல்வதை நிறுத்த வேண்டும்." எழுதியவர் மனதில் இப்படி இருக்கலாம். ஆனால் வாதத்தில் அவர் அதைச் சொல்லவில்லை. சொல்லாததை அவர் வாயில் போடக்கூடாது.

ஒருவர் கருத்தைச் சொல்லி அதை மறுக்கும் இந்த அமைப்பு அந்தப் பரீட்சையில் மிகவும் சகஜம். 'சிலர் சொல்கிறார்கள்', 'பொதுவாக நம்பப்படுகிறது' என்று ஒரு வாதம் தொடங்கினால், அடுத்து 'ஆனால்' எங்கே வருகிறது என்று பாருங்கள்; அந்த இடத்தில்தான் எழுதியவரின் சொந்தக் குரல் கேட்கும். மற்ற அமைப்புகள் இதைவிட எளிது. முடிவை முதல் வரியிலேயே சொல்லிவிட்டு, பிறகு எந்த இணைப்புச் சொல்லும் இல்லாமல் காரணங்களை அடுக்குவார்கள். அல்லது நடுவில் ஒரு 'வேண்டும்' வரும், சுற்றியிருப்பதெல்லாம் தகவலாக இருக்கும். எல்லாவற்றுக்கும் அதே 'ஏனென்றால்' போதும்.

இனிப் பிழைக்கு வருவோம். நான் சொல்லிக்கொடுக்கும் முறை இதுதான்: எடுகூற்றுகள் எல்லாம் உண்மை என்று ஏற்றுக்கொள்ளுங்கள். ஒன்றைக்கூடச் சந்தேகிக்காதீர்கள். அப்புறம், அவை எல்லாம் உண்மையாக இருந்தும் முடிவு பொய்யாகிப்போகும் ஒரு சூழ்நிலையை மனதில் கட்டுங்கள்.

மழை உண்மையாகவே குறைந்தது. அதனால் கொழுந்து கொஞ்சம் குறைந்தது. எல்லாரும் நாள் தவறாமல் வேலைக்கு வந்தார்கள், பிரட்டில் பெயர் கொடுத்தார்கள். ஆனால் மலைக்குப் போனபின் வேலையில் மனம் இல்லை. சம்பளப் பேச்சு இழுபடுகிறது என்ற கோபமாக இருக்கலாம், கூடையில் கழிவு வெட்டுகிறார்கள் என்ற கசப்பாக இருக்கலாம். எட்டாத செடியை விட்டுவிட்டு எட்டியதை மட்டும் கிள்ளிக்கொண்டு போனார்கள். மழையால் பாதி குறைந்தது, இதனால் மீதி குறைந்தது. (நியாயம் யார் பக்கம் என்று கேட்டால் எனக்கும் ஒரு கருத்து உண்டு, அதை இங்கே கொண்டுவரக்கூடாது என்பதுதான் பயிற்சியே.) இந்தச் சூழ்நிலையில் எடுகூற்று எதுவும் பொய்யாகவில்லை. ஆனாலும் துரை சொன்னது சரியாகிவிட்டது.

அந்தச் சூழ்நிலையைக் கட்ட முடிந்தது என்பதே பிழை இருப்பதற்குச் சாட்சி. அதை எந்த வாசலால் கட்டினோம் என்று பார்த்தால் பிழையின் பெயரும் கிடைத்துவிடும். இங்கே இரண்டு வாசல். ஒன்று: ஒரு காரணம் இருந்ததைக் காட்டிவிட்டு, இன்னொரு காரணம் இருக்கவில்லை என்று முடித்துவிட்டார். விளைச்சல் மாதிரியான விடயங்களில் பல காரணம் ஒன்றாக வேலை செய்யும். கவ்வாத்து வெட்டிய மலைகள் அதிகமாக இருந்தாலே அந்தச் சில மாதங்களுக்குக் கொழுந்து குறையும். அதையும் மழையையும் சேர்த்துப் பேசுவதில் ஒரு முரணும் இல்லை. இரண்டாவது வாசல் கடைசி வரியில் இருக்கிறது. வேலைக்கு வந்த நாட்களைச் சொல்லிவிட்டு, அக்கறையைப் பற்றிச் சொன்னதாகக் கணக்கு வைக்கிறார். வந்து நிற்பதும் மனம் வைத்துச் செய்வதும் ஒன்றா? ஒரு விடயத்தைப் பற்றிய ஆதாரத்தைத் தந்துவிட்டு, வேறொரு விடயத்தைப் பற்றி முடிவு சொல்லும் வழுக்கல் இது. முதல் பிழைதான் பெரியது. ஏனென்றால் வாதத்தின் முழுப் பாரமும் மழையின் மேல்தான் இருக்கிறது.

இப்போது உங்கள் பழைய வழியில் போய்ப் பாருங்கள். முடிவு "மழைக் குறைவு விளைச்சலைக் குறைத்திருக்கிறது" என்று எடுத்திருந்தால்? மழை குறைந்தால் கொழுந்து குறையும், மழை குறைந்தது, ஆகவே குறைத்தது. முன்னடையை விதித்துப் பின்னடைக்குப் போகும் நேரான வழி. எவ்வளவு நோண்டினாலும் அங்கே பெரிய ஓட்டை கிடைக்காது. அந்த நிலையில் தெரிவுகளைப் பார்த்தால் எது சரி என்று தெரியாமல் திகைக்கத்தான் வேண்டும்.

இன்னொன்றைச் செய்து பாருங்கள், இது எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி. துரையின் வாயில் ஒரே ஒரு சொல்லை மாற்றுங்கள். அக்கறைக் குறைவும் ஒரு காரணம் என்பதற்குப் பதிலாக, அக்கறைக் குறைவு மட்டுமே காரணம் என்று அவர் சொன்னதாக வையுங்கள். மற்ற வரிகள் அப்படியே இருக்கட்டும். இப்போது "அவர் சொல்வது பிழை" என்ற முடிவு என்ன ஆகிறது? "அக்கறைக் குறைவு மட்டுமே காரணம் என்பது உண்மையில்லை" என்று ஆகிறது. அதை நிறுவ, வேறு ஒரு காரணம் இருந்ததைக் காட்டினால் போதும். மழை இருந்தது. முடிந்தது கதை, வாதம் நன்றாக நிற்கிறது. அதே எடுகூற்றுகள், அதே மூன்று சொல் முடிவு, ஆனால் முன்னது ஓட்டை, இது நல்லது. பிழை இருக்கிறதா இல்லையா என்பது முடிவு எவ்வளவு தூரம் போகிறது என்பதைப் பொறுத்தது என்று நான் சொல்வது இதைத்தான். 'மட்டும்', 'எல்லாம்', 'ஒருபோதும்', 'சில', 'கூடும்', 'நிச்சயம்' போன்ற சொற்களைக் கண்டால் அடிக்கோடு போடுங்கள், முக்கியமாக முடிவில்.

தெரிவுகளைப் பற்றிச் சொன்னீர்கள். அளவையியல் படித்தவர்களுக்கு ஒரு பாதகம் உண்டு: போலிகளின் பெயர் எல்லாம் மனப்பாடம். ஒவ்வொரு தெரிவும் ஏதோ ஒரு போலியை வருணிக்கும்; நீங்கள் அதை அடையாளம் கண்டதும் பழைய நண்பனைக் கண்ட மாதிரி மகிழ்ந்துவிடுவீர்கள். அந்தப் போலி உலகத்தில் இருக்கிறது என்பது சரி. இந்த வாதத்தில் இருக்கிறதா?

முதல் வடிவத்துக்கு இப்படித் தெரிவுகள் வந்ததாக வைத்துக்கொள்வோம். "கருத்தை விட்டுவிட்டு, கருத்துச் சொன்னவரைத் தாக்குகிறது" என்று ஒன்று. துரை மேல் கோபம் தெரிகிற மாதிரி நமக்குத் தோன்றும். ஆனால் வரிகளைப் பாருங்கள், அவருடைய குணம், நோக்கம், பதவி எதையும் பற்றி ஒரு சொல் இல்லை. தள்ளிவிடலாம். "ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்தது என்பதாலேயே முன்னது காரணம் என்கிறது" என்று இன்னொன்று. இது கொஞ்சம் கவர்ச்சியானது, ஏனென்றால் வாதம் காரணத்தைப் பற்றியது. ஆனால் எழுதியவர் காலவரிசையை மட்டும் நம்பவில்லை. மழை குறைந்தால் கொழுந்து குறையும் என்று ஒரு விதியைத் தனியாகத் தந்திருக்கிறார். தள்ளிவிடலாம். "தொழிலாளரின் அக்கறையைக் கூட்ட வழி எதுவும் சொல்லவில்லை" என்று மூன்றாவது. உண்மைதான், சொல்லவில்லை. அதைச் சொல்வது அவர் வேலையும் இல்லை. வாதத்தைப் பற்றி உண்மையாக இருந்தும் பிழையாக இல்லாத இந்த மாதிரித் தெரிவில் விழுபவர்கள்தான் அதிகம். "மழை குறைந்தால் கொழுந்து குறையும் என்பதை, கொழுந்து குறைந்தால் மழை குறைந்திருக்கும் என்று திருப்பிப்போடுகிறது" என்று நான்காவது. மழை குறைந்த தகவலை அவர் நேரடியாகவே தந்துவிட்டார், திருப்பிப்போடத் தேவையே இருக்கவில்லை. மிஞ்சுவது "ஒரு விளைவுக்கு ஒரு காரணம் இருந்ததை, வேறு காரணம் இல்லை என்பதற்கு ஆதாரமாக எடுக்கிறது." இதுதான்.

கவனித்தீர்களா, ஒவ்வொரு தெரிவிடமும் நான் இரண்டு கேள்விதான் கேட்டேன். வாதம் இதைச் செய்கிறதா? செய்தால், முடிவு நிற்காமல் போவது இதனாலா? பெரும்பாலான தெரிவுகள் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும். இதில் நேரமும் மிஞ்சும். 2024 ஓகஸ்டிலிருந்து எல்சாட்டில் பழைய புதிர்ப் பகுதி இல்லை. புள்ளிக்குச் சேரும் மூன்று பகுதிகளில் இரண்டு இந்த வாத வினாக்கள்தான். 35 நிமிடத்தில் ஏறக்குறைய 25 வினா, அதாவது ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம்கூடக் கிடையாது. அதனால் தெரிவுகளுக்குப் போகுமுன்னே பிழையை உங்கள் சொந்த வார்த்தையில் மனதுக்குள் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் போனால் ஐந்து தெரிவும் ஐந்து பக்கம் இழுக்கும். தவறான விடைக்குப் புள்ளி குறைப்பதில்லை என்பதால் எதையும் வெறுமையாக விடவும் வேண்டாம்.

காலவரிசை பற்றிச் சொன்னதால் அந்தப் பிழைக்கும் ஒரு உதாரணம் தருகிறேன். மலையகத்தில் பிறந்த எவரும் ஏதோ ஒரு வடிவத்தில் இதைக் கேட்டிருப்பார்கள்.

"1869ல் இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பி அழிந்து, மலைகள் தேயிலைக்கு மாறின. அதன் பிறகு பிரித்தானியர் தேநீர்ப் பிரியர்களாக உலகப் புகழ் பெற்றார்கள். ஒரு நாட்டையே கோப்பியிலிருந்து தேநீருக்கு மாற்றியது ஒரு பூஞ்சணம்."

முடிவு கடைசி வரி. இணைப்புச் சொல்லே இல்லை. பிழை என்ன? காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை. நாம் படித்த காகதாலீயப் போலிதான். நோய் வந்தது முன்னால், தேநீர்ப் புகழ் பின்னால். அதைத் தவிர இரண்டையும் கட்டும் கயிறு எதுவும் இந்த நாலு வரியில் இல்லை. மூன்றாவது வரியில் இருக்கும் 'அதன் பிறகு' என்ற சொல்லை மெல்ல 'அதனால்' ஆக்கிக்கொண்டுவிட்டார் எழுதியவர்.

முடிவு பொய்யாகும் சூழ்நிலையை இங்கே கற்பனை செய்யக்கூடத் தேவையில்லை, வரலாறே தருகிறது. பிரித்தானியர் அதற்கு நூறு ஆண்டு முன்பே சீனத் தேயிலையைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். 1773ல் பொஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டப்பட்டது அவர்களுடைய கம்பனித் தேயிலை. 1784ல் தேயிலை வரியை 119 வீதத்திலிருந்து 12.5 வீதத்துக்கு இறக்கினார்கள். அசாம் தேயிலை 1839லேயே லண்டன் ஏலத்துக்குப் போய்விட்டது. நம் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டதும் 1867ல், அதாவது இங்கே துரு நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு இரண்டு ஆண்டு முன்னால். பூஞ்சணம் மாற்றியது இலங்கை மலைகளை. அவர்கள் கோப்பையில் தேநீர் ஏற்கெனவே இருந்தது.

ஆனால் பரீட்சையில் இந்த வரலாறு எதுவும் உங்களுக்குத் தேவையில்லை. சொல்லப்போனால் தெரியாமலிருப்பதே நல்லது. வரலாறு காட்டுவது முடிவு பொய் என்று. வினா கேட்பதோ, கொடுத்த எடுகூற்றுகளிலிருந்து முடிவுக்கு வந்த வழி ஏன் போதாது என்று. இவை இரண்டும் வேறு. வேறு என்று எப்படித் தெரியும்? முடிவு உண்மையாக இருந்தும் வழி கெட்டிருக்கும் வாதம் ஒன்றைப் பார்த்தால் தெரியும்.

"2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. 2021ல் ஏறக்குறைய 299 மில்லியன் கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022ல் ஏறக்குறைய 251 மில்லியன் கிலோவாகக் குறைந்தது. ஆகவே உரத் தடைதான் உற்பத்தியைக் குறைத்தது."

இதை வாசித்துவிட்டு "ஆமாம், சரிதானே" என்று தலையாட்டாத மலையகத்தவர் யார்? நானும் ஆட்டுவேன். உரமில்லாமல் செடி மஞ்சளித்ததைக் கண்ணால் கண்டவர்கள் நாம். நவம்பரில் தடை நீக்கப்பட்ட பிறகும் உரத்தின் விலை தொட முடியாத உயரத்தில் இருந்தது. ஆனால் நம்மை நம்பவைப்பது நாம் கண்டது. இந்த மூன்று வரியில் அது இல்லை. இங்கே இருப்பது ஒரு தடை, அதன் பின் ஒரு வீழ்ச்சி, அவ்வளவுதான். கோப்பி வாதத்துக்கும் இதற்கும் அமைப்பில் ஒரு வித்தியாசமும் கிடையாது. 2022ல் எரிபொருள் தட்டுப்பாடும் இருந்தது, பொருளாதார நெருக்கடியும் இருந்தது. அவற்றுக்கு எவ்வளவு பங்கு என்பதை இந்த வாதம் தொடவே இல்லை. உரம் கிடைத்த தோட்டங்களையும் கிடைக்காத தோட்டங்களையும் ஒப்பிட்டு ஒரு வரி சேர்த்திருந்தால், அல்லது வீழ்ச்சி எந்த மாதத்திலிருந்து தொடங்கியது என்று காட்டியிருந்தால், வாதம் பலப்பட்டிருக்கும். முடிவு நமக்குப் பிடித்தமானதாக இருக்கும்போதுதான் பிழை கண்ணுக்குத் தப்பும். அதனால் பயிற்சிக்கு உங்களுக்கு உடன்பாடான வாதங்களையே அதிகம் எடுங்கள். தேர்தல் துண்டுப்பிரசுரம், தொழிற்சங்க அறிக்கை, பத்திரிகை ஆசிரியர் தலையங்கம் எதுவானாலும் சரி, நீங்கள் ஆதரிக்கும் பக்கத்திலிருந்தே எடுங்கள்.

கடைசியாக ஒன்றை உங்களிடமே விடுகிறேன். "ஊவாப் பருவத் தேயிலைக்கு அதற்கே உரிய மணம் வர வேண்டுமென்றால், யூலைக்கும் செப்டெம்பருக்கும் இடையில் வறண்ட காற்று வீச வேண்டும். காற்று இல்லாமல் அந்த மணம் வராது. சில வியாபாரிகள் இந்த ஆண்டுத் தேயிலை சாதாரணமாகத்தான் இருக்கும் என்கிறார்கள். அவர்கள் ஏமாறப்போகிறார்கள். இந்த ஆண்டு காற்று நன்றாக வீசுகிறது, எனவே அந்த மணம் கட்டாயம் இருக்கும்." இதில் 'எனவே' உள்ள வரிக்கும் 'ஏமாறப்போகிறார்கள்' என்ற வரிக்கும் நடுவில் 'ஏனென்றால்' வைத்து இரண்டு பக்கமும் வாசியுங்கள். அப்புறம், காற்று பலமாக வீசியும் ஆலையில் வாட்டுதலைக் கெடுத்துக்கொண்ட ஒரு தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். எந்த எடுகூற்று பொய்யானது, எந்த வரி விழுந்தது என்று இரண்டு வாக்கியத்தில் எழுதி அனுப்புங்கள், பார்க்கிறேன்.